கேக்கம்மா வீட்டுச் சத்தம்

பேக்கரியில் அவளைக் கேக்கம்மா என்று கூப்பிட்டார்கள். வீட்டில் பட்டாசு. இரண்டும் ஒரே பெண்தான் என்று சொன்னால் இரண்டு இடத்திலும் நம்ப மாட்டார்கள்.

பேக்கரியில் அவள் வேலை, கேக்கின் மேல் கிரீமால் பூ வைப்பதும் பெயர் எழுதுவதும். கூம்புப் பையை அழுத்துகிற விரல் கொஞ்சம் நடுங்கினாலும் ரோஜா முட்டைக்கோஸ் ஆகிவிடும். அங்கே சத்தம் இல்லாமல் இல்லை. மாவு பிசைகிற மெஷின் கடகடக்கும், அடுப்பின் காற்றாடி உறுமும், தட்டுகள் மோதிக்கொள்ளும். அவள் கை அசையாது. ஒரு அம்மா வந்து பிள்ளையின் பெயரை எழுதச் சொல்லி, எழுதி முடித்த பிறகு செல்லப் பெயர்தான் வேண்டும் என்றால், "அதுக்கென்னங்க, சுரண்டிட்டு எழுதிரலாம்" என்பாள். முகத்தில் ஒரு சுருக்கம் விழாது.

அதே முகம் வீட்டுப் படியேறும்போது இறுகத் தொடங்கும். இரண்டாம் மாடியில் வீடு. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. அதற்குள் ஐந்து பேர்: அவள், டாக்சி ஓட்டுகிற கணவர், பத்தாம் வகுப்புப் படிக்கிற மகள், மாமனார், கொழுந்தன்.

மாமனார் பாதி வாழ்நாளை மில்லில் தறிகளுக்கு நடுவே கழித்தவர். தறி அவருக்குச் சோறு போட்டது, காதை எடுத்துக்கொண்டது. தன் காது மந்தம் என்பதை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. "இப்பல்லாம் எவனும் வாயைத் தொறந்து பேசுறதில்ல" என்பார். டிவியும் வாயைத் திறந்து பேசட்டும் என்று, அதன் சத்தத்தை ஏறுகிற வரை ஏற்றி வைப்பார். காலையில் செய்தி, அப்புறம் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்துகிற விவாதம், மாலையில் சீரியல். சீரியலில் ஒரு மாமியார் அழுதால் எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

கொழுந்தன் ஆன்லைனில் வியாபாரம் செய்தான். போன் கவர், சின்ன ஸ்பீக்கர், பாட்டுப் பாடுகிற பொம்மை. கூடத்தின் ஒரு பக்கம் முழுக்க அவனுடைய அட்டைப்பெட்டிகள். முதலில் இடுப்பளவு இருந்தன. பிறகு தோளளவு. கடைசியில் ஜன்னலை மறைத்துக்கொண்டு மேலே போயின. பகலிலும் விளக்குப் போட வேண்டிய கூடம் ஆயிற்று அது. மத்தியானம் வரை தூங்கி எழுந்து, எல்லோரும் வீடு திரும்பும் மாலையில்தான் அவன் பார்சல் கட்ட உட்காருவான். டேப்பை இழுக்கிற கர்ர்ர் என்ற சத்தம். அனுப்புவதற்கு முன் பொம்மை பாடுகிறதா என்று ஒரு சோதனை. ஒவ்வொன்றும் அதே பாட்டை அதே கீச்சுக் குரலில் பாடும்.

சாப்பாட்டு மேஜை என்று ஒன்று இருந்தது. அதில் சாப்பிட்டு நாளாகியிருந்தது. அதன் மேல் மடிக்காத துணி, மருந்துச் சீட்டு, சார்ஜர் கம்பிகள், யாரோ பாதியில் விட்ட தேங்காய் மூடி. ஒரு கரண்டியைத் தேடப் போனால் அதற்குள் நான்கு வேலை கண்ணில் பட்டு மனசைப் பிடித்து இழுக்கும். "இதை மடிக்கணும், அதை எடுத்து வைக்கணும்" என்று உள்ளுக்குள் ஒரு குரல் ஓயாமல் கணக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். டிவிக்காவது ரிமோட் உண்டு. அந்தக் குரலுக்கு அதுவும் இல்லை.

இப்படிப்பட்ட ஒரு மாலையில்தான் அவளுக்குப் பட்டாசு என்ற பெயர் வந்தது. மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. டிவியில் யாரோ யாரையோ சாபமிட்டார்கள். பொம்மை பாடியது. கணவர் போனில் "சொல்லுங்க சார், எந்த கேட்டு?" என்று கத்தினார். மகள் வந்து, "அம்மா, என் ஜியோமெட்ரி பாக்ஸ் எங்க?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். இவள் ரிமோட்டை எடுத்து, கூடத்து ஜன்னல் அடைபட்டிருந்ததால் சமையலறை ஜன்னல் வழியாகத் தெருவில் வீசினாள். பிறகு மகளைப் பார்த்து, சொல்லக்கூடாத ஒரு சொல்லைச் சொன்னாள்.

"பட்டாசு வெடிச்சிருச்சு" என்று கொழுந்தன் சிரித்தான்.

பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தக்காரர்கள் வந்தால், "அவளுக்குக் கொஞ்சம் நரம்புத் தளர்ச்சி" என்று மாமனார் மெதுவாகச் சொல்வதாக நினைத்து உரக்கச் சொல்வார். கணவர், "கொஞ்சம் அனுசரிச்சுப் போ. எல்லா வீட்டுலயும் இப்படித்தான்" என்பார். அவளும் தனக்குத்தான் ஏதோ கோளாறு என்று நம்பத் தொடங்கினாள். தலை பாரமாக இருந்தது. தூங்கி எழுந்தாலும் தூங்காத மாதிரி இருந்தது. மகள் அவளிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டது மட்டும் தைத்துக்கொண்டே இருந்தது. "சாப்பிட்டியா?" என்றால் "ம்". "பரீட்சை எப்போ?" என்றால் "வரும்".

கையும் ஒரு நாள் தவறியது.

ஒரு வயதான தம்பதி தங்கள் திருமண நாளுக்குக் கேக் கேட்டிருந்தார்கள். "இன்றுபோல் என்றும் வாழ்க" என்று எழுத வேண்டும். அன்று காலை வீட்டில் ஓடிய விவாத நிகழ்ச்சி அவள் தலைக்குள் புகுந்து இன்னும் வெளியேறவில்லை. கை பாட்டுக்கு எழுதியது, மனசு பாட்டுக்குப் புலம்பியது. டப்பாவைத் திறந்து காட்டியபோதுதான் அவளே படித்தாள்: "இன்றுபோல் என்றும் கத்தாதீங்க."

கிழவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு முறை படித்தார். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மாத்தாதேம்மா. இப்படியே குடு. கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் சொல்ல நெனச்சதை நீ எழுதிட்ட."

அந்த அம்மாள் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பேக்கரி முதலாளி சிரிக்கவில்லை. "உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு நெனக்கிறேன். இன்னிக்கு வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க" என்றார்.

வீட்டுக்குப் போய் ரெஸ்ட்! அவளுக்கு அந்த இரண்டு சொல்லும் ஒரே வாக்கியத்தில் எப்படி உட்கார்ந்தன என்றே புரியவில்லை. நேரே போக மனமில்லாமல் தண்ணீர்த் தொட்டித் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு நடந்தாள். அங்கே ஒரு மரத்தடியில் ஒரு டாக்சி நின்றது. கணவருடையது. பக்கவாட்டில் பழைய கீறல்கூட அப்படியே.

இந்த நேரத்தில் அவர் ஸ்டேஷன் பக்கம் சவாரியில் இருக்க வேண்டும். காலையில்தான், "ரோடெல்லாம் டிராபிக், வர லேட்டாகும்" என்று சொல்லியிருந்தார். கொஞ்ச நாளாகவே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எந்தப் பெண்ணுக்கும் அந்த நேரத்தில் வருகிற சந்தேகம் அவளுக்கும் வந்தது. குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

உள்ளே அவர் மட்டும் இருந்தார். கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. இருக்கையைச் சாய்த்து, கையை வயிற்றின் மேல் கட்டிக்கொண்டு, எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் போன்கூட இல்லை.

தட்டினாள். அவர் திடுக்கிட்டு எழுந்ததில் ஹாரன் ஒரு முறை கத்திவிட்டது.

"நீ எங்க இங்க?"

"அதை நான் கேக்கணும். யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கீங்க?"

"யாருக்காகவும் இல்ல. சும்மாதான்."

"சும்மான்னா?"

அவர் திருட்டு முழி முழித்தார். பிறகு சொன்னார்: "வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் இப்படி உக்காந்துக்குவேன். சத்தம் இல்லாம. அவ்வளவுதான்."

அவள் மறுபக்கம் போய் ஏறிக் கதவைச் சாத்தினாள். தெருவின் இரைச்சல் கதவோடு வெட்டுப்பட்டது. சும்மா உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தாடையில் ஒரு வலி தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எத்தனை நாளாகவோ. இப்போது விட்டபோதுதான் தெரிந்தது. காதோடு ஒட்டிக் கிடந்த தோள்கள் தாமாகக் கீழே இறங்கின. மூச்சு வயிறு வரை போய்த் திரும்பியது. உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. அவளுக்கு அது அந்த இருக்கையிலேயே உறைத்தது.

அடுத்த நொடி கோபம் வந்தது. வழக்கமாக வருகிற, திசை தெரியாத கோபம் இல்லை. நேராக, தெளிவாக வந்தது.

"அப்ப உங்களுக்கும் அந்தச் சத்தம் தாங்கல."

"யாருக்குத்தான் தாங்கும்?"

"வீட்டுல ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா சண்டை வரும்னு..."

"அதனால சண்டையை என் தலையில கட்டிட்டு, நீங்க இங்க வந்து சாஞ்சுக்கிட்டீங்க. என்னைப் பாத்து அனுசரிச்சுப் போன்னு வேற சொல்றீங்க. உங்களுக்கு ஒளிஞ்சுக்க ஒரு காரு இருக்கு. எனக்கு என்னங்க இருக்கு?"

பேக்கரியிலும் சத்தம்தானே, அங்கே மட்டும் எப்படிப் பொறுக்கிறாய் என்று அவர் ஒப்புக்கு ஒரு கேள்வி கேட்டார். அவள் அதை யோசித்தாள். இதுவரை யோசித்ததில்லை.

"அங்க மெஷின் எப்ப ஓடும், எப்ப நிக்கும்னு எனக்குத் தெரியும். சுவிட்ச் என் கைக்குப் பக்கத்துல இருக்கு. அது பாட்டுக்கு ஓடும், என்னைப் பேரு சொல்லிக் கூப்பிடாது. ஒரு கேக் முடிஞ்சா மேஜையைத் துடைச்சிட்டுத்தான் அடுத்தது. வீட்டுல எது எப்ப வெடிக்கும்னே தெரியாது. எதையும் நிறுத்த என்னால முடியாது."

அன்று மாலை வீட்டில் டிவிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு அவள் சொன்னாள்: "இன்னிக்கே சொல்லிடறேன். நான் பட்டாசு இல்ல. நீங்கதான் வீட்டைத் தீப்பெட்டியா வெச்சிருக்கீங்க."

"என்ன பெட்டி?" என்றார் மாமனார். "நகருமா, மறைக்குது."

கொழுந்தன் சிரித்தான். கணவர் தரையைப் பார்த்தார். அவள் சாவிக் கொக்கியிலிருந்து டாக்சிச் சாவியை எடுத்தாள்.

"இனிமே இவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினதும் சாப்பாட்டு நேரம் வரைக்கும் அது என் ரூம். சமைக்கிறவங்க சமைச்சுக்கோங்க. என்னைத் தேடி வராதீங்க."

கீழே போய்ப் பின்சீட்டில் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டாள். பேக்கரியில் இருந்து ஒரு பிளாஸ்கில் டீ கொண்டு வந்திருந்தாள். தெருவில் போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எதிர்க் கடைக்காரர், "என்னக்கா, பெட்ரோல் தீந்துபோச்சா?" என்று கேட்டார். "எனக்குத் தீந்துபோச்சு, நிரப்பிக்கிட்டு இருக்கேன்" என்றாள். மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். மேலிருந்து சோறு அடிப்பிடித்த வாசனை வந்தது. அவள் இறங்கவில்லை.

அப்படி ஒரு மாலையில் கண்ணாடியைத் தட்டியது மகள். கையில் புத்தகம்.

"அம்மா, நானும் உள்ள வரட்டுமா? பேச மாட்டேன். படிச்சுக்கறேன்."

கதவைத் திறந்தாள். பெண் ஏறிக் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு படிக்க ஆரம்பித்தாள். ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் போனபோது, தலை நிமிராமலேயே சொன்னாள்: "இங்க நல்லா மண்டைல ஏறுதும்மா. மேல நான் பாத்ரூம்லதான் உக்காந்து படிப்பேன்."

"பாத்ரூம்லயா?"

"வாளியைக் கவுத்துப் போட்டு. தண்ணியைக் கொஞ்சமா தொறந்து விட்டா டிவி சத்தம் தெரியாது. தாத்தா வாசல்ல ஈரத்தைப் பாத்துட்டு, யாரு தண்ணியை வீணடிக்கறதுன்னு கத்துவாரு. அதான் தண்ணி தொறக்கறதை நிறுத்திட்டேன்."

மகள் தன்னோடு பேசாததற்குத் தன் கோபம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அன்று இன்னொன்றும் புரிந்தது. பேசுவதற்கு அந்த வீட்டில் இடமே இல்லை. ஒருத்தி ஒரு வாக்கியத்தைத் தொடங்கி முடிப்பதற்குள் மூன்று சத்தம் குறுக்கே வரும். பெண் அவள் தோள் மேல் சாய்ந்துகொண்டாள். "அன்னிக்கு நான் உன்னை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது கண்ணு" என்றாள் இவள். "தெரியும்மா, உனக்கு அப்ப காது நெறஞ்சிருந்துச்சு" என்றாள் மகள்.

காரில் காலம் தள்ள முடியாது. அது அவளுக்குத் தெரியாததல்ல. வாளியைக் கவிழ்த்துப் போட்டுப் படிக்கிற பிள்ளைக்காகவாவது வீட்டை விட்டுக்கொடுக்கப் போவதில்லை என்று தீர்மானித்தாள். தீர்மானித்த வேகத்தில் ஒரு தப்பும் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வெளியே போன நேரம் பார்த்து, எல்லாப் பெட்டிகளையும் மாடிப்படித் திருப்பத்தில் இறக்கி அடுக்கிவிட்டாள். கூடம் மைதானம் மாதிரி ஆயிற்று. மகள் ஒரு சுற்று ஆடிக்கூடப் பார்த்தாள். அந்தச் சந்தோஷம் மாலை வரைகூட நிற்கவில்லை. கீழ்வீட்டுக்காரர் பெட்டியில் இடறி விழப்போனார். கொழுந்தன் வந்து, எது எந்த ஆர்டர் என்று தெரியாமல் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். போன் கவர் கேட்டவருக்குப் பாட்டுப் பாடுகிற பொம்மை போய்ச் சேர்ந்தது.

"இது என் பொழப்பு அண்ணி! உங்க கேக்கை நான் ரோட்டுல வெச்சா சும்மா இருப்பீங்களா?" அவன் குரல் உடைந்தது. அவனை அப்படி அவள் பார்த்ததில்லை.

மறுநாள் பெட்டிகள் பழைய இடத்துக்கே வந்தன. கணவர், "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் பாதியில் விழுங்கிக்கொண்டார்.

இடம் கேட்டது தப்பில்லை, கேட்ட அளவுதான் தப்பு என்று அவளுக்குத் தோன்றியது. இரண்டு நாள் பொறுத்துக் கொழுந்தனிடம் போனாள்.

"தம்பி, அன்னிக்கு உன்னைக் கேக்காம செஞ்சது என் தப்பு. இடம் கேட்டது தப்பில்ல. பெட்டி மலையை மொத்தமா கேட்டேன். இப்ப ஜன்னலை மட்டும் குடு."

"ஜன்னலை மட்டும்னா?"

"அதை மறைக்கிற வரிசையை மட்டும் எடு. கட்டிலுக்கு அடியில எடம் இருக்கு. மிச்சத்தை இந்த ஒரு சுவரோட நிறுத்து. மேல நான் ஒரு துணி தொங்க விடறேன். உன் பொருள் உன் கண்ணுக்குத் தெரியணும், எங்க கண்ணுக்குத் தெரிய வேண்டாம்."

அவன் முணுமுணுத்தான். ஆனாலும் செய்தான். ஜன்னல் திறந்த அன்று கூடத்தின் எதிர்ச்சுவர் வெளிர்நீலம் என்பது எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது. பழைய படுக்கை விரிப்பைத் தைத்துப் பெட்டிகளின் மேல் திரை விட்டாள். பெட்டி ஒன்றும் குறையவில்லை. ஆனால் கூடத்தில் நுழைகிறவர் கண் முட்டி மோதாமல் நேரே ஜன்னலுக்குப் போயிற்று. கனத்த துணி சத்தத்தையும் கொஞ்சம் விழுங்கியது. வெறும் சுவரில் பட்டுத் திரும்பி வந்த எதிரொலி மட்டுப்பட்டது. அதைப் பார்த்துவிட்டுத் தரைக்கும் ஒரு பழைய ஜமுக்காளத்தைத் தேடி எடுத்துப் போட்டாள்.

பார்சல் கட்டுகிற நேரத்துக்குத்தான் பெரிய சண்டை நடந்தது. "காலைல நாங்க எல்லாம் கெளம்பின பிறகு கட்டு. மத்தியானம்தானே கூரியர்காரங்க எடுக்க வர்றாங்க?" என்றாள். "அப்ப நான் எப்ப தூங்கறது?" என்றான். "ஊரு தூங்கறப்ப தூங்கு" என்றாள். ஒரு வாரம் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவனாகவே மாறினான். பகலில் தனியாக உட்கார்ந்து கட்டினால் ஆர்டர் மாறிப்போவது குறைகிறது என்று கண்டுபிடித்திருந்தான். அதை அவளிடம் அவன் சொல்லவில்லை. அண்ணனிடம் சொன்னான், அண்ணன் சொன்னார்.

மாமனார்தான் கோட்டை. "மாமா, ஒரு தடவை காது டாக்டர்கிட்ட போயிட்டு வரலாமா?" என்று கேட்டதும் கொதித்தார்.

"என்னைச் செவிடுங்கிறியா?"

"இல்ல மாமா. சரியா கேக்குதான்னு பாக்கத்தான்."

"கேக்கா? எனக்குச் சர்க்கரை இருக்கு, கேக் வேண்டாம்."

மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இவள் சிரிக்கவில்லை. இவ்வளவு காலமும் கணவர் நழுவிக்கொண்டிருந்த இடம் அது. அவரைப் பார்த்தாள். "உங்க அப்பா. நீங்க சொல்லுங்க. இல்லன்னா சாவி என்கிட்டயே இருக்கும்." அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அப்பாவின் எதிரே, முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "அப்பா. உங்களுக்காக இல்ல. எங்களுக்காக வாங்க." அவருக்கு வாழ்க்கையிலேயே அதுதான் மிகக் கஷ்டமான சவாரியாக இருந்திருக்க வேண்டும்.

டாக்டர் ஒரு காதில் அடைந்து கிடந்த குறும்பியை எடுத்தார். மிச்சம் தறி தின்ற காது, திரும்பாது என்றார். காது மெஷின் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னதற்கு மாமனார் எழுந்தே விட்டார். டாக்டர் சிரித்துக்கொண்டு, "சரி, அப்பறம் யோசிங்க. ஆனா ஐயா, உங்களுக்கு வர்றது சத்தக் குறைச்சல் மட்டும் இல்ல. சில எழுத்து தெளிவா விழாது. டிவியைக் கூட்டினா இரைச்சல்தான் கூடும், வார்த்தை தெளியாது. சத்தத்தைக் காதுக்குப் பக்கத்துல கொண்டு வாங்க" என்றார்.

கொழுந்தனின் பெட்டியிலேயே சின்ன ஸ்பீக்கர்கள் கிடந்தன. ஒன்றை எடுத்து மாமனாரின் நாற்காலிக்குப் பின்னால், காதுக்குப் பக்கத்தில் கட்டினார்கள். டிவியின் சொந்தக் குரலை அடைத்தார்கள். முதல் நாள் அவர் அதைப் பிடுங்கி எறிந்தார். இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் சீரியல் நேரத்தில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தார். விளம்பரம் வந்ததும் மருமகளைக் கூப்பிட்டார்.

"அம்மாடி, அந்தப் பொண்ணு மாமியாருக்கு விஷம் வைக்கலையாம்."

"எந்தப் பொண்ணு மாமா?"

"இதுல வர்றவ. போன மாசம் பூரா 'விஷம் வெச்சேன்'னு சொல்றாளேன்னு நானும் அவளைத் திட்டிக்கிட்டே இருந்தேன். இப்பத்தான் தெளிவா சொல்றா. விசிறியத்தான் வெச்சிருக்கா."

அதோடு கோட்டைக் கதவு திறந்தது. டிவி கூடத்தில் இன்னும் கேட்கும், ஆனால் சமையலறையில் ஒருவர் பேசினால் இன்னொருவருக்குப் புரியும்.

மற்றதெல்லாம் சில்லறை வேலை. மிக்ஸிக்கு அடியில் ஒரு ரப்பர் விரிப்பு. மகள் படிக்கிற நேரத்தில் அரைப்பதில்லை. கதவு அறையாமல் இருக்க நிலையில் ஒரு பஞ்சுத் துண்டு. பேக்கரியில் கற்ற சட்டம் ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டு வந்தாள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் மேஜை காலியாக வேண்டும். வீடு முழுக்க இல்லை, மேஜை மட்டும். அதில் கிடப்பது யாருடையதோ அவருடைய கட்டிலுக்குப் போகும். கணவர் ஒரு நாள் தன் தலையணையில் ஈரத் துண்டு, சார்ஜர், பாதி தின்ற வேர்க்கடலைப் பொட்டலம் ஆகியவற்றோடு படுக்க வேண்டி வந்தது. மறுநாள் மேஜை பளிச்சென்று இருந்தது.

ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டாள். "இது என்னோடது. நான் இல்லாதப்பவும் என்னோடதுதான். துணி காயப் போடாதீங்க, பையை வைக்காதீங்க." மாலையில் அவள் அதில் டீயோடு உட்காரும்போது ஒருவரும் கேள்வி கேட்கக் கூடாது. முதலில் கேட்டார்கள். அவள் பதில் சொல்லவில்லை. பிறகு கேட்பதை நிறுத்தினார்கள். வீட்டில் ஆள் குறையவில்லை, சுவர் நகரவில்லை. நெரிசல் நெரிசல்தான். ஆனால் அதற்குள் ஒரு முழம் அவள் சொல்படி கேட்டது. அந்த ஒரு முழம் போதுமாக இருந்தது, மிச்சத்தைத் தாங்க.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அவளே சிரிப்பாள். மேஜை மாதத்தில் சில நாள் தோற்றுப்போகும். பொம்மை எப்போதாவது பெட்டிக்குள்ளேயே பாட ஆரம்பித்துவிடும். அவள் இப்போதும் கோபப்படுவாள், நன்றாகவே. ஆனால் கோபம் எதன் மேல் என்று அவளுக்குத் தெரியும், அதன் மேல் மட்டும் படுவாள். கணவர் சில நாள் மரத்தடிக்குப் போகத்தான் செய்கிறார். "போயிட்டு வாங்க. ஆனா டிராபிக்னு சொல்லாதீங்க" என்பாள். வாளி நிமிர்ந்துவிட்டது. மகள் மேஜையில் படிக்கிறாள், நடுவில் நிமிர்ந்து பள்ளிக்கூடத்துக் கதையும் சொல்கிறாள். சில சமயம் போதும் போதும் என்கிற அளவுக்குச் சொல்கிறாள்.

வீடு அடங்கிய பிறகுதான் மேல்வீட்டுக் கட்டில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. முன்பும் இருந்திருக்கும். டிவிக்கடியில் அமுங்கிக் கிடந்திருக்கும். சாயங்காலமானால் யாரோ அதை அறை முழுக்கக் கரகரவென்று இழுத்தார்கள், கூரை மேல் தேர் போகிற மாதிரி.

"விடு, அவங்க வீடு, அவங்க கட்டில்" என்றார் கணவர். "அனுசரிச்சு..." என்று தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து, "என்ன செய்யலாம்?" என்று முடித்தார்.

பேக்கரியில் மெஷின் காலுக்குப் போடுகிற தடித்த ரப்பரில் மிச்சம் கிடந்தது. நான்கு துண்டு வெட்டினாள். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு படியேறி மேல்வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்த பெண் இவளைப் பார்த்ததும் ஒரு அடி பின்வாங்கினாள். ரிமோட் பறந்த கதை மாடி ஏறியிருந்தது.

"சண்டைக்கா வந்திருக்கீங்க?"

"அதுக்கும் தயாராத்தான் வந்திருக்கேன்" என்றாள் கேக்கம்மா. "ஆனா முதல்ல உங்க கட்டிலுக்குச் செருப்பு கொண்டு வந்திருக்கேன். ஒரு பக்கம் தூக்குங்க, மாட்டி விட்டுடறேன்."